ஏழு நாள் கடன்: மலையகத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத தூரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில், போன் செயலி வழியாக எடுத்த ஒரு கடனின் கதை இது. சம்பந்தப்பட்டவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு முன்பள்ளி ஆசிரியை. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை காசு அனுப்புவார். மாமியார் கொழுந்து பறிக்கப் போகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆசிரியையும் குடும்பத்தாரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன். தொகைகளும் நாட்களும் அவருடைய போனில் இருந்த பதிவுகளின்படி உள்ளவை.

நான் அந்தப் பகுதியில் இயங்கும் ஒரு மகளிர் சேமிப்புச் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பவள். ஆசிரியை எங்கள் உறுப்பினர். சங்கத்தில் அவசரக் கடன் எடுக்க வழி இருந்தது. ஆனால் மாதக் கூட்டத்தில்தான் அதற்கு அனுமதி கொடுப்போம். அவருக்குக் காசு தேவைப்பட்டது கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில்.

இளைய பிள்ளைக்குக் கண்டியில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப் போனதால் தனியாரிடம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். போக்குவரத்துச் செலவும் சேர்த்து ஏழாயிரம், எட்டாயிரம் ரூபா வேண்டும். கணவர் அனுப்ப இன்னும் பத்து நாள் இருந்தது. தோட்டை அடகு வைக்கலாம் என்று முதலில் நினைத்திருக்கிறார். அதற்கு டவுனுக்குப் போக வேண்டும், பாதி நாள் விடுப்பு எடுக்க வேண்டும், மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டும். போனில் பத்து நிமிடத்தில் காசு வரும் என்ற விளம்பரம் அந்த இரவில்தான் கண்ணில் பட்டது.

கடன் வாங்கிய இரவு

விளம்பரம் பேஸ்புக்கில் வந்தது, தமிழில் இருந்தது. "50,000 ரூபா வரை, பிணை தேவையில்லை, 91 முதல் 180 நாள் வரை தவணை" என்று போட்டிருந்தார்கள். அதைத் தொட்டதும் செயலிகளைப் பதிவிறக்கும் பிளே ஸ்டோர் மாதிரியே ஒரு பக்கம் வந்தது. நட்சத்திரங்கள், பாராட்டுகள் எல்லாம் இருந்தன. ஆனால் அது பிளே ஸ்டோர் இல்லை. பொத்தானை அழுத்தியதும் ஒரு ஏபிகே கோப்பு போனுக்குள் இறங்கியது. அதை நிறுவ "Install unknown apps" என்ற அனுமதியைப் போன் கேட்டது. அவர் கொடுத்தார்.

பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த அனுமதிதான் வழிவிட்டது. கடன் செயலிகளுக்குப் பிளே ஸ்டோரில் தனிச் சட்டதிட்டம் இருக்கிறது. 60 நாளுக்குள் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கும் தனிநபர் கடன் செயலிகளுக்கு அங்கே இடமில்லை. 2023 மே 31 முதல் எந்தத் தனிநபர் கடன் செயலியும் பயனரின் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் கேட்கவும் கூடாது. ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக வரும் செயலி இந்த இரண்டு தடையையும் ஒரே அடியில் தாண்டிவிடுகிறது. அதற்காக ஸ்டோரில் இருப்பதெல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. அங்கேயும் "91 நாள்" என்று விவரத்தில் எழுதிவிட்டு உள்ளே ஏழு நாள் கொடுக்கும் செயலிகள் புகுந்துவிடுவதுண்டு.

செயலி திறந்ததும் ஐந்து அனுமதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது: தொடர்பு இலக்கங்கள், எஸ்எம்எஸ், கமரா, இருப்பிடம், படங்கள். ஒன்றை மறுத்தாலும் அடுத்த பக்கம் வராது. அடையாள அட்டையின் இரு பக்கப் படம், அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்பி, வங்கிக் கணக்கு இலக்கம், அவசரத்துக்கு இரண்டு பேரின் பெயரும் இலக்கமும் கேட்டது. அவர் கொடுத்த இரண்டு பேர் கணவரும் அண்ணியும். ஆனால் தொடர்பு இலக்க அனுமதியைக் கொடுத்துவிட்டதால் போனில் இருந்த எல்லாருடைய இலக்கங்களும் அப்போதே அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். முன்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெயர்களைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துச் சேமித்து வைத்திருந்தார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தமிழ் மொழி மூலம் படித்தவர். கீழே இழுத்து "Agree" என்பதை அழுத்தினார்.

கணக்குப் பார்த்தால்

20,000 கேட்டார். 12,000 அங்கீகரிக்கப்பட்டது என்று வந்தது. கணக்கில் விழுந்தது 7,800. மிச்சம் 4,200 ரூபா முன்கூட்டியே கழிக்கப்பட்டிருந்தது: "சேவைக் கட்டணம்" 3,600, "தரவுச் சரிபார்ப்புக் கட்டணம்" 600. வட்டி நாளுக்கு 0.1 வீதம் என்று போட்டிருந்தது. ஏழு நாளுக்கு அது 84 ரூபா. ஏழாம் நாள் கட்ட வேண்டிய தொகை 12,084.

விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது அந்த 0.1 வீதம்தான். அதைப் பார்க்கிறவருக்கு மாதம் மூன்று வீதம், ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்களைவிடக் குறைவு என்றே தோன்றும். உண்மையான செலவு அங்கே இல்லை, கட்டணத்தில் இருக்கிறது. கையில் வந்தது 7,800, திருப்பிக் கேட்பது 12,084. வித்தியாசம் 4,284 ரூபா, அதாவது கையில் வந்த காசில் ஏறத்தாழ 55 வீதம். அதுவும் ஒரு வாரத்துக்கு. வருடத்துக்குக் கூட்டுவட்டி போடாமல் பெருக்கினாலே 2,800 வீதத்தைத் தாண்டும்.

எந்தக் கடனையும் மதிப்பிட மூன்று விஷயம் போதும்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும், எந்தத் திகதிக்கு. வட்டி வீதத்தை மட்டும் கேட்டால் இந்த மாதிரிக் கடன்களில் பதில் எப்போதும் சின்ன எண்ணாகத்தான் வரும். ஆசிரியைக்கு இந்தத் தொகைகள் தெரிந்தது காசு கணக்கில் விழுந்த பிறகு. அழுத்துவதற்கு முந்தைய பக்கத்தில் 12,000 என்பது மட்டுமே இருந்தது. அவர் உடனே செயலியில் இருந்த இலக்கத்துக்கு அழைத்துக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். 12,000 கட்டினால் மட்டுமே கணக்கு மூடப்படும் என்று சிங்களத்தில் பதில் வந்தது. மறுநாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டார்.

நீடிப்பும் இரண்டாவது செயலியும்

ஆறாம் நாளே அழைப்பு வரத் தொடங்கியது. காசு இல்லை என்று அவர் சொன்னதும் மறுமுனையில் இருந்தவர் குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். 4,200 ரூபா "நீடிப்புக் கட்டணம்" கட்டினால் இன்னும் ஏழு நாள் கிடைக்கும். அவர் கட்டினார். ஆனால் கடன் ஒரு ரூபாகூடக் குறையவில்லை. 12,084 அப்படியே நின்றது. பதினான்காம் நாள் கணவர் அனுப்பிய காசிலிருந்து மறுபடியும் 4,200 கட்டினார். இரண்டு வாரத்தில் 8,400 கட்டியாகிவிட்டது, கையில் வாங்கியதே 7,800.

இந்தத் தொழிலுக்கு வருமானம் தருவது இந்த நீடிப்புதான் என்று நான் நினைக்கிறேன். முதல் கடன் சின்னதாக இருப்பதும் தவணை ஏழு நாளாக இருப்பதும் தற்செயல் இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவரால் ஏழு நாளில் முழுத்தொகையைப் புரட்ட முடியாது என்பது முதல் நாளே தெரிந்த விஷயம்.

21ஆம் நாள் அதே செயலிக்குள் ஒரு அறிவிப்பு வந்தது: "உங்களுக்கு இன்னொரு நிறுவனத்திடம் கடன் தயார்." தொட்டதும் இரண்டாவது செயலி இறங்கியது. 10,000 அங்கீகாரம், கையில் 6,500, ஏழு நாளில் 10,070. அந்த 6,500 ரூபாவோடு, கடைசியில் தோட்டை அடகு வைத்து எடுத்த காசிலிருந்து 5,584 சேர்த்து முதல் கடனை மூடினார். முதல் வாரத்தில் செய்யத் தயங்கிய அடகைத்தான் நாலாவது வாரம் தொடங்கும்போது செய்தார்.

இந்தக் கட்டத்தில் நிலவரம் இதுதான். முதல் கடனுக்கு மொத்தம் கட்டியது 20,484. அதில் சொந்தக் காசு 13,984. அதற்குமேல் புதிதாக 10,070 கடன். அவர் குடும்பத்துக்குப் பயன்பட்டது ஸ்கேனுக்குப் போன அந்த 7,800 மட்டும்.

தொடர்பு இலக்கங்களுக்குப் போன செய்திகள்

28ஆம் நாள் இரண்டாவது கடன் கட்ட முடியவில்லை. நாளுக்கு 500 ரூபா தண்டம் ஏறத் தொடங்கியது. ஒரே நாளில் பல இலக்கங்களிலிருந்து மாறி மாறி அழைப்புகள். முன்பள்ளிச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று, அரை மணி நேரத்துக்குள் ஒருவர் எடுத்து "சம்பளம் வந்திருக்கே, இப்போதே கட்டுங்கள்" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஆசிரியை பயந்துபோனார். எஸ்எம்எஸ் அனுமதி இருக்கும்போது வங்கி அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் செயலி படிக்கலாம், இலக்கமும் மீதியும் உட்பட. வங்கியின் ஒருமுறைக் கடவு இலக்கமும் அதே வழியில்தான் வரும் என்பதால் இந்த ஐந்து அனுமதிகளில் மிக ஆபத்தானது எஸ்எம்எஸ்தான் என்பது என் அபிப்பிராயம்.

30ஆம் நாள் காலை செய்திகள் போயின. அடையாள அட்டையைப் பிடித்தபடி அவர் எடுத்த செல்பியின்மேல் சிவப்பு எழுத்தில் "திருடி" என்று எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அண்ணிக்கு, தோட்டத் தலைவருக்கு, முன்பள்ளியை நடத்தும் நிறுவனத்தின் உத்தியோகத்தருக்கு, பெற்றோர் பலருக்கு. சிலருக்கு "உங்களைப் பிணையாளராகப் போட்டிருக்கிறார், நீங்கள் கட்ட வேண்டும்" என்று கூடுதலாக ஒரு வரி. அவர்களில் எவரும் எதிலும் கையொப்பமிடவில்லை. ஒருவருடைய இலக்கம் இன்னொருவரின் போனில் இருப்பதால் அவர் பிணையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் அப்படி ஒரு செய்தி வந்தவுடன் இரண்டு பெற்றோர் பிள்ளைகளை அன்று முன்பள்ளிக்கு அனுப்பவில்லை.

மறுநாள் அண்ணிதான் அவரைச் சங்கத்துக்குக் கூட்டிவந்தார். அப்போது கேட்ட தொகை 11,570. மாலைக்குள் கட்டாவிட்டால் வேறு மாதிரியான படங்களோடு முகத்தை ஒட்டி அனுப்புவோம் என்று குரல் செய்தி வந்திருந்தது. "அக்கா, சங்கத்துக் காசில் கொடுங்க, இன்றைக்கே கட்டிவிடுகிறேன்" என்பதுதான் அவர் கேட்டது.

அன்று எடுத்த முடிவுகள்

அன்றே கட்டுவது வேண்டாம் என்று முடிவு செய்தோம். காரணம், கட்டினாலும் படமும் இலக்கங்களும் அவர்களிடமேதான் இருக்கும். முதல் கடனைச் சல்லிக்காசு மிச்சமில்லாமல் மூடிய பிறகும் இரண்டாவது கடனுக்காக மிரட்டல் வந்தது. யாரிடம் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டும் காசு கடனைத் தீர்த்ததா இல்லையா என்று நிரூபிக்கவும் முடியாது. கடனே இல்லை என்று சொல்லவில்லை. கையில் வாங்கிய காசு அவர் திருப்ப வேண்டிய காசு என்பதில் ஆசிரியைக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் வேலையாக, செயலிகளை அழிக்காமல் எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பலர் பயத்தில் முதலில் செயலியை அழித்துவிடுகிறார்கள், அதோடு ஒப்பந்தமும் கணக்கு விபரமும் போய்விடும். கடன் பக்கம், கழிவுகள், திகதி, ஒப்பந்தம் முழுவதும், வந்த அழைப்புகளின் பட்டியல், குரல் செய்திகள், காசு கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் வேறொரு போனுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. செய்தி கிடைத்தவர்களிடமும் அதை அழிக்காமல், அனுப்பிய இலக்கம் தெரியும்படி படம் எடுத்துத் தரச் சொன்னோம்.

இப்படித் தொகுக்கும்போதுதான் ஒரு விஷயம் வெளிவந்தது. முதல் செயலிக்கு நீடிப்புக் கட்டணம் போன கணக்கும், இரண்டாவது செயலி இப்போது காசு போடச் சொல்லும் கணக்கும் ஒரே ஆளின் பெயரில் இருந்தன. "இன்னொரு நிறுவனம்" என்று சொல்லிக் கொடுத்த கடனும் அதே கைகளிலிருந்து வந்திருக்க அதிக சாத்தியம் இருந்தது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த ஆசிரியை அதற்குப் பிறகு காசு கட்டுவது பற்றிப் பேசவில்லை.

அடுத்து போன். Settings, பிறகு Apps, அங்கே செயலியின் பெயர், அதில் Permissions. ஒவ்வொன்றையும் மறுத்தோம். அதற்குப் பிறகே இரண்டையும் அழித்தோம். Install unknown apps அனுமதியையும் மூடினோம். Accessibility, Notification access ஆகிய இரண்டு இடங்களிலும் தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தோம், இருக்கவில்லை. வங்கிச் செயலியின் கடவுச்சொல் மாற்றப்பட்டது, வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு போடப்பட்டது. ஏற்கெனவே போன தகவலை இதனால் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவருக்குச் சொன்னோம். இனிமேல் போகாமல் நிறுத்த மட்டுமே இது உதவும்.

அப்புறம், போனில் இருந்த எல்லாருக்கும் ஆசிரியை தன் பெயரில் ஒரு செய்தி அனுப்பினார். "பிள்ளையின் ஸ்கேனுக்காக ஒரு செயலியில் கடன் எடுத்தேன். அவர்கள் என் போனிலிருந்து உங்கள் இலக்கத்தை எடுத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி ஏதும் படமோ செய்தியோ வந்தால் நம்ப வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம், காசு கட்ட வேண்டாம். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்." அதை எழுத அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "மாமிக்கு இன்னும் தெரியாது" என்றார். முதலில் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்துதான் அனுப்பினார். மாமியார் திட்டவில்லை, தோட்டைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார்.

கடன் கொடுத்தது யார்

மாலையில் அவர்களிடமிருந்து அழைப்பு வந்தபோது சங்கத் தலைவி பேசினார். உங்கள் நிறுவனத்தின் முழுப் பெயர், பதிவு இலக்கம், முகவரி, நிறுவனத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, இந்த நாலையும் எழுத்தில் தாருங்கள், கையில் வந்த தொகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றார். "நாங்கள் அரசாங்கத்தில் பதிந்தவர்கள்" என்று சொல்லி ஒரு சான்றிதழின் படத்தை அனுப்பினார்கள். அது கம்பனிப் பதிவுச் சான்றிதழ். PV என்று தொடங்கும் இலக்கம் இருந்தது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் எந்தத் தொழிலுக்கும் ஒரு தனியார் கம்பனியைப் பதியலாம். அந்தச் சான்றிதழ் அப்படி ஒரு கம்பனி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, நிதி நிறுவனமாக இயங்க உரிமம் இருக்கிறது என்பதைச் சொல்லாது. உரிமம் கொடுப்பது இலங்கை மத்திய வங்கி. உரிமம் பெற்ற வங்கிகள், 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள், 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகள் ஆகியவற்றின் பட்டியல்கள் cbsl.gov.lk தளத்தில் இருக்கின்றன.

நாங்கள் நாலு பெயர்களை ஒரு தாளில் எழுதினோம்: விளம்பரத்தில் இருந்த பெயர், செயலியின் பெயர், ஒப்பந்தத்தில் இருந்த பெயர், காசு போடச் சொன்ன கணக்கின் பெயர். நாலும் வேறு வேறு. சான்றிதழில் இருந்தது ஐந்தாவது பெயர். ஒன்றுகூட மத்திய வங்கியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த பெயர் உரிமம் பெற்ற ஒரு நிதிக் கம்பனியின் பெயரோடு ஒரு சொல் மட்டும் வித்தியாசப்பட்டது. அவசரத்தில் பார்க்கிறவர் அதுதான் இது என்று நினைத்துவிடுவார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும் என்பது அதனால்தான். ஒப்பிட்டுப் பொருந்தினாலும், மத்திய வங்கிப் பட்டியலில் இருந்து அந்தக் கம்பனியின் இலக்கத்தை எடுத்து, "இந்தச் செயலி உங்களுடையதா" என்று கேட்க வேண்டும். செயலிக்குள் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பதில் பயனில்லை. அந்தக் கம்பனிக்கு ஹட்டனில் ஒரு கிளை இருந்தது. தலைவி நேரில் போய்க் கேட்டார். தங்களுக்கு அப்படி ஒரு செயலி இல்லை என்றார்கள்.

பட்டியலில் இல்லை என்பது என்ன அர்த்தம் என்பதிலும் கவனம் வேண்டும். பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்காமல் தன் சொந்தக் காசைக் கடனாகக் கொடுப்பவர்களில் மத்திய வங்கி உரிமம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் பட்டியலில் இல்லாத ஒவ்வொருவரும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடன் வாங்குபவருக்கு ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடு பிரச்சினை வந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் 1935 இலக்கத்தில் முறையிடலாம், அது அந்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். உரிமம் இல்லாதவரிடம் வாங்கினால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். நிபந்தனைகளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம்தான் செல்லுபடியாகும்.

முறைப்பாடு

உள்ளூர்ப் பொலிஸில் முதலில் "கடன் வாங்கினால் கட்ட வேண்டும்தானே" என்ற பதில்தான் வந்தது. அதனால் முறைப்பாட்டைக் கடனிலிருந்து பிரித்து எழுதினோம். கடன் எவ்வளவு, வட்டி நியாயமா என்பது இங்கே விஷயம் இல்லை. அனுமதியில்லாமல் படத்தைப் பரப்பியது, அவமானப்படுத்தும் படம் செய்து அனுப்புவோம் என்று மிரட்டியது, சம்பந்தமில்லாதவர்களிடம் காசு கேட்டது, இந்த மூன்றும்தான் முறைப்பாடு. குரல் செய்தியைக் கேட்டதும் உத்தியோகத்தரின் பேச்சு மாறியது. பதிவு செய்து இலக்கம் கொடுத்தார்கள். அந்தப் பிரதியோடு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கும் எழுதினோம். இணையத் தொந்தரவுகளுக்கு உதவும் இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அழைத்தோம். பேஸ்புக் விளம்பரத்தையும், செய்தி வந்த வட்ஸ்அப் இலக்கங்களையும் அந்தந்தச் செயலிக்குள்ளேயே முறையிட்டோம். செய்தி கிடைத்தவர்களும் தனித்தனியாக முறையிட்டார்கள்.

பின்னர் நடந்தது

மிரட்டியபடி ஒட்டுப்படம் ஒன்று மூன்று பேருக்கு வந்தது. மூவரும் ஏற்கெனவே ஆசிரியையின் செய்தியைப் பார்த்தவர்கள். படம் எடுத்து அனுப்பிவிட்டு இலக்கத்தைத் தடுத்தார்கள். யாரும் பதறவில்லை என்பது தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு வந்தது குறைந்தது. பிள்ளைகளை நிறுத்திய பெற்றோர் இருவரும் அடுத்த வாரம் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் அதே மாதிரியான கடனில் தன் தம்பி மாட்டியிருப்பதைச் சொன்னார். முன்பள்ளி நிறுவனத்தில் ஆசிரியையிடம் விளக்கம் கேட்டார்கள், பொலிஸ் பதிவின் பிரதியைக் கொடுத்ததோடு அது முடிந்தது.

கிட்டத்தட்ட ஆறு வாரம் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. கேட்ட தொகை ஒருகட்டத்தில் 19,000 வரை ஏறி, பிறகு அவர்களாகவே 5,000 கட்டினால் போதும் என்று இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் பதில் ஒன்றுதான்: நிறுவனத்தின் பெயரில் கணக்கும் எழுத்தில் கோரிக்கையும் தாருங்கள். கடைசிவரை தரவில்லை. இரண்டாவது கடனில் கையில் வந்த 6,500 ரூபாவை ஆசிரியை சங்கத்தில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். சட்டப்படி யாராவது கேட்டு வந்தால் அதைக் காட்டலாம் என்பதற்காக.

"கிரிப்" பட்டியலில் பெயரைப் போட்டு இனி எங்கேயும் கடன் எடுக்க முடியாமல் செய்வோம் என்ற மிரட்டல் அவரை நீண்ட நாள் உறுத்தியது. கிரிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகம். அதற்குத் தகவல் கொடுப்பவை அதன் உறுப்பு நிறுவனங்கள். போனில் மிரட்டும் யாரோ ஒருவரால் அதில் எதையும் எழுத முடியாது. அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தோம், இந்த இரண்டு கடனும் அதில் இல்லை. கடன் கொடுத்தவர் உறுப்பு நிறுவனமாக இருந்தால் தாமதம் நிச்சயம் பதிவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். அறிக்கையை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடையாள அட்டையின் இரு பக்கமும், அட்டையோடு செல்பியும் தெரியாத கைகளில் இருக்கின்றன. அவர் பெயரில் வேறு எவராவது கடன் எடுத்தால் முதலில் தெரியக்கூடிய இடம் அந்த அறிக்கைதான். வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

பொலிஸ் முறைப்பாட்டில் இதுவரை எவரும் பிடிபடவில்லை. அந்த விளம்பரம் எடுக்கப்பட்டது. சில வாரங்களில் அதே படங்களோடு வேறு பெயரில் ஒன்று வந்தது.

அடுத்த முறை மாறுவது

இரண்டு செயலிகளையும் சேர்த்து அவர் 20,484 கட்டிய பிறகுதான் எங்களிடம் வந்தார். முதல் நீடிப்புக் கட்டணம் கேட்ட அன்று வந்திருந்தால் 8,400 மிஞ்சியிருக்கும். அதனால் இப்போது கூட்டங்களில் "நீடிப்பு" என்று யாராவது கேட்டால் அன்றைக்கே வாருங்கள் என்று தனியாகச் சொல்கிறோம். கடன் எடுத்தாயா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, நீடிப்புக் கட்டினீர்களா என்று கேட்டால் சொல்கிறார்கள்.

தொடர்பில் உள்ளவர்களுக்கு அனுப்பும் செய்தி தவணை நாளுக்கு முன்பே போக வேண்டும். இந்த முறை அது மிரட்டல் செய்திகளுக்கு ஒரு நாள் பிந்திப் போனது. அந்த ஒரு நாளில்தான் இரண்டு பிள்ளைகள் முன்பள்ளிக்கு வராமல் போனார்கள். தம்பியின் பிரச்சினையைச் சொன்ன பெற்றோரின் விஷயத்தில் செய்தியை முதலில் அனுப்பிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினோம். தம்பியின் நண்பர்களில் பலர் மிரட்டல் செய்தி வந்ததைச் சிரத்தையெடுத்துப் பார்க்கவே இல்லை.

சங்கத்தின் அவசரக் கடன் விதியையும் மாற்றினோம். மருத்துவச் செலவுக்கு 10,000 ரூபா வரை, கூட்டம் வரும்வரை காத்திருக்காமல், தலைவியும் பொருளாளரும் கையொப்பமிட்டால் அதே நாளில் கொடுக்கலாம். காரணத்தை இவர்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லத் தேவையில்லை. விதி வந்த பிறகு முதலில் அதைப் பயன்படுத்தியவர், மூட்டுவலிக்கு ஊசி போடப் போன ஒரு கொழுந்துக்காரர். இரண்டு சம்பளத்தில் திருப்பிக் கட்டிவிட்டார்.